ஊர்க் கபடிப் போட்டி நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: அட்டவணை, அம்பயர், பரிசுப் பணம்

பொங்கல், சித்திரைத் திருவிழா, கோயில் கொடை என்று ஏதாவது ஒன்று நெருங்கினால் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் நோட்டீஸ் மாதிரியோடு வந்துவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் ஆள்தான் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லாம் ஆண்கள் கபடியை மனதில் வைத்துச் சொன்னவை. பெண்கள் போட்டிக்கு மாறுகிற விஷயத்தை அந்தக் கேள்வியில் பாருங்கள்.

லீக் வைக்கிறதா, நாக்அவுட் வைக்கிறதா? எது நல்லது?

உங்களிடம் எத்தனை மணி நேரமும் எத்தனை களமும் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாக்அவுட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு அணியை வெளியே அனுப்பும். கடைசியில் ஒரே ஒரு அணி மிஞ்ச வேண்டும். எனவே அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். 16 அணி என்றால் 15 ஆட்டம்.

முழு லீக்கில் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டும். அணிகளின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, பாதியாக்கினால் கணக்கு வரும். 6 அணிக்கு 15 ஆட்டம், 8 அணிக்கு 28, 16 அணிக்கு 120. ஆகவே ஆறு அணிக்கு மேல் வந்தால் ஒரே நாளில் முழு லீக் பேச்சுக்கே இடமில்லை. இரண்டையும் கலந்து ஆடும் முறை உண்டு, கீழே வருகிறது.

மேட்ச் ராத்திரி எத்தனை மணிக்கு முடியும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?

சொல்லலாம், சொல்லியும் ஆக வேண்டும். ஆண்களுக்கு முறையான ஆட்டம் 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். ஊர்ப் போட்டியில் அப்படி வைத்தால் விடிந்துவிடும். அதனால் பெரும்பாலும் 10-5-10 என்று வைக்கிறார்கள். ஆட்டம் 25 நிமிடம்தான். அணியை அழைத்து, டாஸ் போட்டு, டைம் அவுட், காயம் எல்லாம் சேர்த்தால் ஆட்டத்துக்கு 35 நிமிடம் ஆகும். 15 ஆட்டத்துக்கு 525 நிமிடம், அதாவது எட்டே முக்கால் மணி நேரம். மாலை 6 மணிக்கு ஆரம்பித்தால் முடிய அதிகாலை 3 மணி நெருங்கிவிடும்.

அங்கேதான் சிக்கல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. மைக் இல்லாமல் கபடி வர்ணனை கிடையாது, காவல் நிலைய அனுமதியிலும் நேரம் எழுதியிருப்பார்கள். ஒரே வழி, இரண்டு களம் போட்டு மதியமே தொடங்குவது. முதல் சுற்றின் 8 ஆட்டம் இரண்டு களத்தில் நான்கு முறையில் முடியும், காலிறுதி இரண்டு முறையில். அரையிறுதி இரண்டையும் இறுதியையும் பெரிய களத்தில் ஒவ்வொன்றாக வைத்தால் இன்னும் மூன்று. மொத்தம் ஒன்பது முறை, ஐந்தே கால் மணி நேரம். 3 மணிக்குத் தொடங்கினால் 8.15. தாமதத்துக்கும் பரிசளிப்புக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம் கையில் இருக்கும்.

பதினோரு டீம்தான் வந்திருக்கு. 'பை' யார் யாருக்குக் கொடுக்கிறது?

நாக்அவுட் சீராக ஓட 4, 8, 16, 32 என்ற எண்ணிக்கை வேண்டும். 11-க்கு அடுத்தது 16. பதினாறில் பதினொன்று போக 5. அந்த ஐந்து அணி முதல் சுற்று ஆடாமல் இரண்டாம் சுற்றுக்குப் போகும். அதைத்தான் பை என்கிறோம்.

ஒரு தாளில் 1 முதல் 11 வரை மேலிருந்து கீழாக எழுதுங்கள். 1 முதல் 6 வரை மேல் பாதி, 7 முதல் 11 வரை கீழ்ப் பாதி. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி இடத்துக்கு, அதாவது 11-க்கு. இரண்டாவது மேல் பாதியின் முதல் இடமான 1-க்கு. மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் இடமான 7-க்கு. நான்காவது மேல் பாதியின் கடைசியான 6-க்கு. ஐந்தாவது மறுபடி கீழ்ப் பாதிக்கு வந்து 10-க்கு. மிஞ்சியவை 2-3, 4-5, 8-9 என்று மூன்று ஆட்டம். இரண்டாம் சுற்றில் 1-ஆம் எண் 2-3 வெற்றியாளரோடும், 6-ஆம் எண் 4-5 வெற்றியாளரோடும், 7-ஆம் எண் 8-9 வெற்றியாளரோடும் மோத, 10-ம் 11-ம் தங்களுக்குள் ஆடும். 3, 4, 2, 1 என்று மொத்தம் பத்து ஆட்டம். மேலே சொன்ன கணக்கும் அதுதான்.

முக்கியமானது, பை இந்த எண்களுக்குத்தான், அணிகளுக்கு இல்லை. எண்ணை முடிவு செய்து சுவரில் ஒட்டிய பிறகு, கேப்டன்களை வரவழைத்துச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எந்த எண் வருகிறதோ அது அவர்கள் அதிர்ஷ்டம். நடத்துகிற ஊரின் அணியும் அதே பானையில்தான் கை விட வேண்டும். உள்ளூர் அணிக்கு வருடா வருடம் பை விழுகிறது என்று பேச்சு வந்தால் அடுத்த ஆண்டு நல்ல அணி எதுவும் வராது.

போன வருஷம் ஜெயிச்ச டீமும் ரன்னரும் முதல் ரவுண்டிலேயே மோதிக்கிட்டா இறுதிப் போட்டி சப்புன்னு ஆயிடுமே?

ஆகும். அதனால் அந்த இரண்டு அணிகளுக்கு மட்டும் சீட்டு வேண்டாம். வென்ற அணியை 1-ஆம் இடத்திலும் இரண்டாம் அணியை கடைசி இடத்திலும் எழுதிவிட்டு, மற்றவர்களுக்குச் சீட்டு எடுங்கள். இறுதி வரை அவர்கள் சந்திக்க மாட்டார்கள். 11 அணி அட்டவணையில் அந்த இரண்டு இடமும் பை இடம், எனவே அவர்களுக்கு ஓர் ஆட்டம் மிச்சம். இதை நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு அணியைத் தாண்டி ஆள் பார்த்து இடம் கொடுக்க ஆரம்பித்தால் அது சீட்டுக் குலுக்கலே இல்லை.

அட்டவணை போட்ட பிறகு ஒரு டீம் வேன்ல வந்து இறங்கி, எங்களையும் சேருங்கன்னு நின்னா?

அவர்கள் எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும் சேர்க்காதீர்கள். ஓர் அணி கூடினால் பை எல்லாம் இடம் மாறும், ஏற்கெனவே பை கிடைத்தவர் சண்டைக்கு வருவார். அப்புறம், பெயர் கொடுத்துவிட்டு வராத அணியின் இடம் இருந்தால், எதிரணி ஆடுவதற்கு முன்பு அந்த இடத்தை மட்டும் தரலாம் என்று விதி வைத்துக்கொள்ளலாம். பெயர் கொடுத்த அணி தாமதமானால் மைக்கில் மூன்று முறை அழைத்து, பத்து நிமிடம் பார்த்து, எதிரணிக்கு வாக்ஓவர். அதற்கு மேல் காத்திருந்தால் இரவு 10 மணிக் கணக்கு உதைக்கும்.

ஒரே மேட்ச்ல தோத்து முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போறாங்க, பாவமா இருக்கு. ஆளுக்கு ரெண்டு மேட்சாவது கொடுக்க முடியாதா?

முடியும். என் கணக்கில் கிராமத்துக்கு இதுதான் நல்ல முறை, ஆனால் அணிகளைப் பன்னிரண்டோடு நிறுத்த வேண்டும். மூன்று மூன்றாக நான்கு பிரிவு பிரியுங்கள். பிரிவுக்கு மூன்று ஆட்டம், நான்கு பிரிவுக்கு 12. பிரிவில் முதலிடம் பிடித்த ஓர் அணி மட்டும் அரையிறுதிக்கு. அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. ஆக 15 ஆட்டம், 16 அணி நாக்அவுட்டுக்கு ஆகும் அதே எண்ணிக்கை. இரண்டு களத்தில் பிரிவு ஆட்டம் ஆறு முறை, பிறகு மூன்று முறை, அதே ஒன்பதுதான். நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, ஆனால் எல்லோருக்கும் இரண்டு ஆட்டம் உறுதி.

ஒரு களத்துக்கு இரண்டு பிரிவு கொடுத்து மாற்றி மாற்றி ஆட வையுங்கள். ஓய்வில்லாமல் அடுத்தடுத்து ஆடுகிற நிலை ஒருவருக்கும் வராது. ஆட்ட வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் இரண்டு அணி மோதட்டும். அதில் தோற்ற அணி இரண்டாவது ஆட்டத்தில் மூன்றாம் அணியோடு ஆடட்டும். ஜெயித்த அணிக்கும் மூன்றாம் அணிக்கும் கடைசி ஆட்டம். இப்படி வைத்தால் பெரும்பாலும் கடைசி ஆட்டம்தான் யார் மேலே போவது என்பதைத் தீர்மானிக்கும். வரிசையை மாற்றி, ஜெயித்த அணியையே இரண்டாவதாக ஆட விட்டு அது மறுபடி ஜெயித்தால், கடைசி ஆட்டம் செத்த ஆட்டம். அந்த இரண்டு அணியும் கிளம்பத்தான் பார்க்கும்.

பிரிவுக்கு இரண்டு அணி மேலே போகலாம் என்று சிலர் தாராளமாக வைக்கிறார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் தேறும்போது, இரண்டாவது ஆட்டம் முடிந்ததுமே மேலே போகிற இருவரும் யார் என்று தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். கூடவே நான்கு காலிறுதி சேர்ந்து நேரமும் போகும்.

பிரிவுல மூணு டீமும் ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சிருக்கு. இப்ப யாரை அனுப்புறது?

வெற்றிக்கு 2, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்று வைத்துக்கொண்டால் மூவரும் 2 புள்ளியில் நிற்பார்கள். அப்போது எடுத்த புள்ளியில் விட்ட புள்ளியைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: கிழக்குத் தெரு அணி மேலத் தெருவை 32-20 என்று வென்றது. மேலத் தெரு காலனி அணியை 28-25. காலனி கிழக்குத் தெருவை 30-29. கிழக்குத் தெருவுக்கு ஒன்றில் 12 கூடுதல், மற்றதில் 1 குறைவு, ஆக கூடுதல் 11. மேலத் தெரு 12 குறைவு, 3 கூடுதல், ஆக குறைவு 9. காலனி 3 குறைவு, 1 கூடுதல், ஆக குறைவு 2. கிழக்குத் தெரு போகும்.

இரண்டு அணி மட்டும் சமமாக நின்றால் முதலில் அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள், அது சமனாகியிருந்தால்தான் வித்தியாசம். வித்தியாசமும் சமம் என்றால் அதிகப் புள்ளி எடுத்தவர், அதுவும் சமம் என்றால் சீட்டு. இந்த வரிசையை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு விதி சொன்னால் அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் எடுபடாது.

நாக்அவுட்ல சமமா முடிஞ்சா டாஸ் போட்டுடலாமா?

வேண்டாம், அதற்கு முறை இருக்கிறது. இரு அணியும் ஏழு பேரையும் இறக்கி, ஆளுக்கு ஐந்து ரைடு மாற்றி மாற்றிப் போவார்கள். ஐந்து பேரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும், பெயரை வரிசையாக முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் அவுட் ஆனவர் வெளியே போவதில்லை, புள்ளி மட்டும்தான் எழுதப்படும். அதுவும் சமமானால் டாஸ் போட்டு கோல்டன் ரைடு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிரிவு ஆட்டத்துக்கு இது தேவையில்லை, ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்து அனுப்புங்கள்.

அம்பயருக்கு வெளியாள் வேணுமா? எங்க ஊர்லயே நல்லா ஆடின அண்ணன் இருக்காரே.

அண்ணன் எவ்வளவு நேர்மையானவர் என்பது உங்களுக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியாது. உங்கள் ஊர் அணி ஆடாத ஆட்டத்தில் அவர் கோட்டருகே நிற்கலாம். உங்கள் அணி ஆடும்போது மூன்று பேரும் வெளியூர்க்காரர்களாக இருப்பதுதான் அவருக்கும் மரியாதை.

முறையான ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் என்று ஆறு பேர். கிராமத்தில் உதவி ஸ்கோரரை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் யார் அவுட், யார் உள்ளே வந்தார் என்பதில் பாதிச் சண்டை வருகிறது. ஒவ்வொரு பக்கமும் உட்காரும் தொகுதியில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தாலே அது தீரும். அந்த வேலைக்கு உங்கள் மன்றத்துப் பிள்ளைகள் போதும். களத்துக்குள் தீர்ப்புச் சொல்கிற மூன்று பேரைத்தான் வெளியிலிருந்து அழைக்க வேண்டும். மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தில் கேட்டால் தேர்வு எழுதித் தேறிய நடுவர்களை அனுப்புவார்கள். பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களில் நடுவர்களும் இருப்பார்கள்.

இரண்டு களத்துக்கு ஆறு பேர், மாற்றி ஓய்வு கொடுக்க மூன்று பேர், ஆக ஒன்பது. சம்பளத்தை முன்பே பேசி, அரையிறுதிக்கு முன்பே கவரில் கொடுத்துவிடுங்கள். யார் ஜெயித்தாலும் அந்தப் பணத்துக்குச் சம்பந்தமில்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு தப்புன்னு ஒரு டீம் களத்தை விட்டு இறங்கிட்டா என்ன பண்றது?

கேப்டன் ஒருவர்தான் ரெஃப்ரியிடம் பேசலாம் என்று டாஸ் போடும்போதே சொல்லிவிடுங்கள். மீறினால் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு அந்த ஆட்டத்துக்கே இல்லை. இறங்கிய அணிக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, வராவிட்டால் எதிரணி வென்றதாக அறிவிக்க வேண்டியதுதான். விழாக் குழுத் தலைவர் வந்து 'அந்த ரைடை மட்டும் மறுபடி போடுங்க' என்று சமாதானம் பேசுவது அன்றைக்குச் சுலபமாக இருக்கும். அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் இறங்குவார்கள்.

பெரும்பாலான தகராறு தீர்ப்பில் இல்லை, எந்த விதி என்பதில் இருக்கிறது. டிவியில் பார்த்துவிட்டு ஒரு அணி சூப்பர் டேக்கிளுக்கு இரண்டு புள்ளி கேட்கும், மற்றது அப்படி ஒன்று இல்லை என்கும். சூப்பர் டேக்கிள் உண்டா, மூன்றாவது ரைடு டூ ஆர் டையா, எடை வரம்பு எத்தனை கிலோ, இந்த மூன்றையும் நோட்டீஸில் போட்டாலே பாதிப் பஞ்சாயத்து குறையும்.

முதல் பரிசு எவ்வளவு போடலாம்? பக்கத்து ஊர்ல 30,000 போட்டிருக்காங்க.

பக்கத்து ஊரைப் பார்க்காமல் செலவிலிருந்து மேலே வாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன், விலை உங்கள் பக்கம் மாறும். நுழைவுக் கட்டணம் 16 அணிக்கு 500 வீதம் 8,000. நன்கொடை 70,000 வருவதாகச் சொன்னாலும் கைக்கு வந்த 50,000 மட்டும் எழுதுங்கள். ஆக 58,000. லைட், ஜெனரேட்டர், மைக் செட் 15,000. நடுவர் ஒன்பது பேருக்கு 800 வீதம் 7,200. சாப்பாடு, தண்ணீர் 6,000. களம் போடவும் சுண்ணாம்புக்கும் 2,000. முதலுதவிக்கும் அவசர வண்டிக்கும் 2,000. கேடயம் 4,000. நோட்டீஸ் 1,500. செலவு 37,700. மிச்சம் 20,300. எதிர்பாராததற்கு 2,300 ஒதுக்கினால் பரிசுக்கு 18,000.

அதை 8,000, 5,000, பிறகு அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் 2,500 வீதம் பிரிக்கலாம். மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வைத்தால் இன்னொரு 35 நிமிடம், ஏற்கெனவே களைத்தவர்களுக்கு அடிபடவும் வாய்ப்பு. முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடைவெளி ரொம்பப் பெரிதானால் இறுதி ஆட்டம் அடிதடியாகும். 5,000 ரூபாய் இரண்டாம் பரிசு, 8,000 முதல் பரிசு என்ற அளவு எனக்குச் சரியாகப் படுகிறது.

பரிசு பெரிதாக ஆக, தூரத்திலிருந்து பெயர் பெற்ற அணிகள் வரும். கூட்டம் கூடும், உண்மைதான். ஆனால் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் முதல் சுற்றோடு வீடு திரும்புவார்கள். யாருக்காக நடத்துகிறோம் என்பதைக் குழு முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

முதல் பரிசு தர்றேன்னு சொன்னவர் கடைசி நேரத்துல போனை எடுக்கலைன்னா?

அதனால்தான் கைக்கு வந்த பணத்தை மட்டும் எழுதச் சொன்னேன். பணம் வந்த பிறகே உபயதாரர் பெயரை நோட்டீஸில் போடுங்கள். ஜெயித்த அணியிடம் 'பாதி இப்போ, பாதி அடுத்த வாரம்' என்பது ஊர்ப் பெயரைக் கெடுக்கும்.

பெண்கள் டீம் நாலஞ்சு வருது. பாதிப் பரிசு போட்டா போதுமா?

அவர்களும் அதே வேன் வாடகை கொடுத்துத்தான் வருகிறார்கள். அணி குறைவு என்பதால் பரிசுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், முதல் பரிசுத் தொகையைக் குறைக்காதீர்கள். நான்கு அணி என்றால் முழு லீக்குக்கு ஆறே ஆட்டம், மதியமே முடித்துவிடலாம். பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர், ஆண்கள் களம் 13-க்கு 10. கோட்டை மாற்றிப் போட நேரம் ஒதுக்குங்கள்.

ஒரே ஆள் ரெண்டு டீம்ல ஆடறான். எப்படிப் பிடிக்கிறது?

அணி பெயர் கொடுக்கும்போதே அதிகபட்சம் 12 பேரின் பட்டியல், ஆதார் நகலோடு வாங்குங்கள். எடை பார்க்கும்போது அசலைக் கேட்டு, மணிக்கட்டில் மையால் அணி எண்ணை எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு பட்டியலில் ஆள் மாற்றக் கூடாது. பிடிபட்டால் அந்த ஆள் மட்டும் வெளியேறினால் போதுமா, அணியே வெளியேற வேண்டுமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டாவதாக இறக்கிய அணி வெளியேற வேண்டும் என்பது என் கட்சி. முதலில் இறக்கிய அணிக்குப் பல சமயம் விஷயமே தெரியாது.

ஃபைனலுக்கு வந்த ரெண்டு டீமும் 'ஆடல, பரிசைக் கூட்டிப் பாதியாப் பிரிச்சுக் கொடுங்க'ன்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?

கொடுத்தால் காத்திருந்த ஊர் ஏமாறும். மேலே சொன்ன கணக்கில் 8,000-ம் 5,000-ம் சேர்த்துப் பிரித்தால் ஆளுக்கு 6,500. தோற்றுக் கிடைப்பதைவிட 1,500 அதிகம், அடிபடும் பயமும் இல்லை. இரண்டு அணியும் ஒரே கோச்சிடம் பழகியவர்கள் என்றால் இந்தப் பேச்சு நிச்சயம் வரும்.

அதற்கு ஒரே ஒரு விதி போதும்: இறுதி ஆட்டம் ஆடப்படாவிட்டால் இரண்டு அணிக்கும் மூன்றாம் பரிசுத் தொகை மட்டும், அதாவது 2,500 வீதம். அப்போது பகிர்வது இருவருக்கும் நஷ்டம். ஆடுவதுபோல் ஆடி ஆளுக்குப் பாதியாக வெளியே பிரித்துக்கொண்டால் நம்மால் பிடிக்க முடியாது. ஆனால் ரைடர் பாக் லைனைத் தாண்டிவிட்டு 30 நொடியும் சும்மா நின்று திரும்புவது தொடர்ந்தால் ரெஃப்ரி இரு கேப்டனையும் கூப்பிட்டு இந்த விதியை நினைவுபடுத்தலாம். இறுதியில் மட்டும் மூன்றாவது ரைடு டூ ஆர் டை என்று வைத்தால் அப்படி நின்று கடத்தவும் முடியாது. மழையோ மின்தடையோ வந்து ஆட்டம் நின்றால் அது வேறு, அப்போது இரண்டு பரிசையும் கூட்டிச் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் நியாயம்.